இரவில் இறங்கிப்போகும் இன்வேட்டர் பற்றறி: வயதா, சல்பேற்றா, சார்ஜரா?

தருமபுரத்து ரீச்சர் அக்கா ஒருவர் கடைக்கு வந்து சொன்னது இதுதான்: "தம்பி, பகல் முழுக்கச் சார்ஜிலதான் கிடக்குது. பச்சை லைற்றும் எரியுது. இரவு ஒன்பது மணிக்குக் கரண்ட் போனா ஒரு மணிக்கெல்லாம் ஃபான் நிண்டிடுது. பற்றறிக்கு மூண்டு வருசம்தான். புதுசு வாங்கத்தான் வேணுமோ?"

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டியபோது எங்கள் பக்கத்தில் வாங்கப்பட்ட இன்வேட்டர்கள் கொஞ்சமல்ல. அந்தப் பற்றறிகள் இப்போது ஒவ்வொன்றாகக் களைத்துக்கொண்டு வருகின்றன. அதனால் யார் வந்து என்ன சொன்னாலும் "வயசு போச்சு, மாத்துங்கோ" என்று சொல்லிவிடுவது எங்கள் தொழிலில் சுலபமாகிவிட்டது. ஆனால் வயது, தகட்டில் படிந்து இறுகுகிற சல்பேற், சார்ஜர் என்று மூன்றில் எது காரணமானாலும் இரவில் தெரிவது ஒரே முகம்தான். ஃபான் நின்றுவிடும். வித்தியாசம் பற்றறிக்குள் இருக்கிற அசிற்றிலும், சார்ஜ் ஏறுகிற விதத்திலும்தான் தெரியும். கெட்டது சார்ஜராக இருந்து, நாங்கள் பற்றறியை மட்டும் மாற்றினால் புதுப் பற்றறியும் அதே வழியில் போகும்.

இங்கே சொல்வதெல்லாம் தண்ணீர் விடுகிற 12 வோல்ற் டியூபுலர் பற்றறிக்கு. மூடி திறக்க முடியாத சீல் பற்றறியில் அசிற்றைப் பார்க்க வழியில்லை. லிதியம் முற்றிலும் வேறு கதை.

முதலில் கணக்கு

எத்தனை மணித்தியாலம் ஓடவேண்டும் என்று தெரியாமல் "குறைய ஓடுது" என்று சொல்ல முடியாது. அக்கா வீட்டில் இரவில் ஓடுவது ஒரு சீலிங் ஃபான், ஒரு ஸ்ராண்ட் ஃபான், இரண்டு எல்.ஈ.டி. லைற், ஒரு ரவுற்றர். எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 150 வாற். இன்வேட்டர் தன் பங்குக்குக் கொஞ்சம் தின்னும் என்பதால் பற்றறியில் இருந்து 185 வாற் அளவில் இழுக்கும். 12-ஆல் பிரித்தால் 15 அம்பியருக்குக் கிட்ட.

பற்றறி 150 அம்பியர்-மணி. முழுவதையும் உறிஞ்சக்கூடாது, 80 வீதம் என்று வைத்தால் 120. அதை 15-ஆல் பிரித்தால் எட்டு மணித்தியாலம். இந்த வேகத்தில் இழுக்கும்போது எழுதியிருக்கிற அளவு முழுதாகக் கிடைக்காது, ஆகவே ஏழு என்று எடுப்போம். ஒன்பது மணிக்குத் தொடங்கினால் விடிய நான்கு மணி வரை போகவேண்டும். ஒரு மணிக்கு நின்றால் நான்கு மணித்தியாலம், அதாவது 60 அம்பியர்-மணி. பற்றறி பாதியாகிவிட்டது, அல்லது பாதிதான் நிரம்புகிறது. இந்த இரண்டில் எது என்பதுதான் முழுக் கேள்வியும்.

சிலருக்குக் கணக்கே பதிலைச் சொல்லிவிடும். மூன்று ஃபானும் ஃபிரிட்ஜும் போட்டுவிட்டு விடியுமட்டும் ஓடவேணும் என்றால் புதுப் பற்றறியாலும் முடியாது.

கையில் வேண்டியவை

ஒரு மல்ரிமீற்றர், ஒரு ஹைட்ரோமீற்றர். ஹைட்ரோமீற்றர் என்றால் அசிற்றை உறிஞ்சி அதன் அடர்த்தியை அளக்கிற, கண்ணாடிக் குழாய்க்குள் மிதவை உள்ள, ரப்பர் பல்ப் பூட்டிய சாமான். பற்றறிக் கடைகளில் கிடைக்கும். டி.சி. அம்பியர் காட்டும் கிளாம்ப் மீற்றர் இருந்தால் வேலை பாதியாகக் குறையும். இல்லாவிட்டாலும் வோல்ற்றை வைத்தே பெரும்பாலும் கண்டுபிடிக்கலாம்.

சார்ஜ் ஏறும் பற்றறியில் இருந்து ஐதரசன் வரும். அறைக் கதவைத் திறந்து வையுங்கள், பீடி, விளக்கு எதுவும் கிட்ட வேண்டாம். கண்ணாடி போடுங்கள், மோதிரத்தையும் கைச்சங்கிலியையும் கழற்றி வையுங்கள். பற்றறியின் இரண்டு முனைக்கும் இடையில் ஒரு மோதிரம் பட்டால் விரலோடு சேர்த்து எரிக்கும்.

படி 1: திறந்து பார்த்தல்

ஆறு மூடியையும் கழற்றித் தண்ணீர் மட்டத்தைப் பாருங்கள். டியூபுலர் பற்றறியின் மேலே இருக்கிற குட்டி மிதவைகள் தண்ணீர் மட்டத்தை மட்டும்தான் காட்டும். "மிதவை மேலதான் நிக்குது, பற்றறி நல்லம்" என்று நினைப்பது பிழை.

இங்கே ஒரு கேள்வி கேட்கவேண்டும்: கடைசியாக எப்போது தண்ணீர் விட்டீர்கள்? அக்கா கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்: "ஒரு வருசமா விடவே தேவைப்படேல்ல தம்பி." எனக்கு அதுதான் முதல் துப்பு. பற்றறி முழுதாகச் சார்ஜ் ஆகும்போது கடைசிக் கட்டத்தில் தண்ணீர் பிரிந்து வாயுவாகக் கொப்பளிக்கும், மட்டம் மெல்லக் குறையும். எங்கள் வெயிலுக்கு ஒரு வருடத்தில் துளியும் குறையவில்லை என்றால் அந்தப் பற்றறி ஒருநாளும் கொப்பளிக்கும் கட்டத்துக்குப் போகவில்லை. மாறாக, இரண்டு கிழமைக்கொரு தடவை தண்ணீர் கேட்டால் சார்ஜர் அளவுக்கு மிஞ்சி ஏற்றுகிறது.

என்ன தண்ணீர் விட்டார்கள் என்றும் கேளுங்கள். வன்னிக் கிணற்றுத் தண்ணீர் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவதை எல்லோரும் பார்த்திருப்போம். அந்த உப்புகள் பற்றறிக்குள் போனால் திரும்பி வராது. ஆர்.ஓ. தண்ணீர் குடிக்க நல்லதுதான், ஆனாலும் அதிலும் உப்பு மிச்சம் இருக்கிறது. காய்ச்சி வடித்த பற்றறித் தண்ணீர் மட்டும்தான்.

படி 2: நிரப்பி, ஆறவிட்டு, அளத்தல்

நிறையப் பேர் பிழைவிடுகிற இடம் இது. சார்ஜில் இருக்கும்போதே மீற்றரை வைத்து "13.6 காட்டுது, பற்றறி நல்லம்" என்பார்கள். அது சார்ஜர் தள்ளுகிற வோல்ற், பற்றறியினுடையது அல்ல. சார்ஜைக் கழற்றிய உடனே அளந்தாலும் மேலோட்டமாக ஏறியிருக்கிற வோல்ற் ஏமாற்றும்.

கரண்ட் இருக்கிற ஒரு நாளில் 12 மணித்தியாலம் சார்ஜில் விடுங்கள். பிறகு இன்வேட்டரை நிறுத்தி, பற்றறி வயர் ஒன்றைக் கழற்றி, ஆறு மணித்தியாலமாவது சும்மா விடுங்கள். அப்புறம் வோல்ற்றையும் ஒவ்வொரு செல்லின் அசிற் அடர்த்தியையும் (பள்ளிக்கூடத்தில் சாரடர்த்தி என்று படித்தது) எழுதிக்கொள்ளுங்கள். புதிதாகத் தண்ணீர் விட்டிருந்தால் அன்று அளக்காதீர்கள். தண்ணீர் மேலேயே நிற்கும், ஒரு முழுச் சார்ஜில் கலந்தபிறகுதான் உண்மை தெரியும்.

டியூபுலர் பற்றறி முழுதாக நிரம்பினால் அடர்த்தி 1.240 அளவில் நிற்கும். கடைக்காரர் இதை 1240 என்பார்கள். சரியான எண் பற்றறியின் மேலேயோ உத்தரவாத அட்டையிலோ இருக்கும். அடர்த்தியும் வோல்ற்றும் ஒன்றையொன்று சரிபார்க்க ஒரு சின்னக் கணக்கு உண்டு:

```
ஆறிய வோல்ற் = (அடர்த்தி + 0.84) x 6
(1.240 + 0.84) x 6 = 12.48
```

அக்காவின் பற்றறி ஆறிய பிறகு 12.0 வோல்ற். ஆறு செல்லும் 1.150-க்கும் 1.160-க்கும் இடையில். ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசமில்லை, எல்லாமே ஒரே அளவாகக் குறைவு. பச்சை லைற் எரிந்துகொண்டிருந்த பற்றறியில் பாதிச் சார்ஜ்கூட இல்லை.

ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட மிகவும் கீழே நின்று, மொத்த வோல்ற் 10.5-க்குக் கிட்ட இருந்தால் அந்தச் செல் உள்ளே சோர்ட் ஆகிவிட்டது. சார்ஜ் போடும்போது மற்றவை கொப்பளிக்கும், அது சும்மா இருந்து சூடாகும். அதற்கு வைத்தியம் இல்லை.

படி 3: இறக்கிவிட்டு மறுபடி அளத்தல்

வயதைப் பிடிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. மாலையில் மெயினை நிறுத்தி, வழமையான இரவுச் சுமையைப் போட்டு, மணிக்கொருதடவை வோல்ற்றை எழுதுங்கள். இன்வேட்டர் கீச்சிட்டு நின்றதும், கொஞ்ச நேரம் கழித்து அசிற் அடர்த்தியை மறுபடி பாருங்கள்.

பற்றறியில் இருந்து கரண்ட் எடுக்கும்போது அசிற்றில் உள்ள சல்பேற் தகட்டுக்குப் போகும், அசிற் தண்ணீராகிக்கொண்டு வரும். நல்ல பற்றறி இறங்கி நிற்கும்போது அடர்த்தி 1.140-க்கும் கீழே வந்திருக்கும். வயதான பற்றறியிலோ தகட்டில் வேலை செய்கிற பொருள் உதிர்ந்து அடியில் சேறாகக் கிடக்கும். அசிற் நிறைய இருக்கிறது, அதோடு சேர்ந்து வேலை செய்யத் தகடு இல்லை. ஆகவே அசிற் தீரும் முன்பே பற்றறி படுத்துவிடும்.

மல்லாவியில் ஒரு பலசரக்குக் கடைப் பற்றறி இப்படித்தான் இருந்தது. 2022-இல் வாங்கியது. ஆறியபின் 12.5 வோல்ற், ஆறு செல்லும் 1.240. பார்த்தால் புதுசு மாதிரி. சுமை போட்டதும் 11.9-க்குச் சரிந்தது, இரண்டு மணித்தியாலத்தில் நின்றுவிட்டது. அப்போது அடர்த்தி 1.195! அந்த எண்ணைப் பார்த்ததும் மேலே ஒன்றும் தேடவில்லை. சார்ஜும் அதே மாதிரி விரைவாக ஏறி, இரண்டு மணித்தியாலத்தில் 14.4-ஐத் தொட்டு ஆறு செல்லும் சமமாகக் கொப்பளித்தது. சீக்கிரம் நிரம்பும், சீக்கிரம் தீரும். நிரம்பியதும் அடர்த்தி சரியாக இருக்கும், தீர்ந்ததும் அடர்த்தி உயர்ந்தே நிற்கும். குழாயில் உறிஞ்சிய அசிற் பழுப்பாகக் கலங்கி வந்தால் உதிர்ந்த தகட்டின் தூள் அது.

இதற்கு மருந்து இல்லை. அசிற்றைக் கொட்டிக் கழுவிப் புது அசிற் விடுகிறோம் என்பவர்களிடம் கொடுக்காதீர்கள். உதிர்ந்தது தகட்டில் போய் ஒட்டாது.

படி 4: சார்ஜ் ஏறுவதைக் கவனித்தல்

நிரப்பிய பிறகும் அடர்த்தி குறைவு என்றால் மிஞ்சுவது இரண்டு: சல்பேற், அல்லது சார்ஜர். பற்றறி ஏற்க மறுக்கிறதா, சார்ஜர் கொடுக்க மறுக்கிறதா? பதில் சார்ஜ் தொடங்கிய முதல் ஒரு மணித்தியாலத்தில் இருக்கிறது. பற்றறி இறங்கிய நிலையில் மெயினைப் போட்டு, பற்றறி முனையிலேயே மீற்றரை வைத்துப் பத்து நிமிடத்தில், ஒரு மணியில், மூன்று மணியில் எழுதுங்கள்.

150 அம்பியர்-மணிப் பற்றறிக்கு நல்ல சார்ஜர் 10 முதல் 15 அம்பியர் கொடுக்கும். வோல்ற் மெல்ல ஏறி, பல மணித்தியாலம் கழித்து 14.4-க்குக் கிட்டப் போகும், பிறகு 13.6 அளவுக்கு இறங்கித் தாங்கிக்கொண்டிருக்கும். இடையில் எப்போதோ ஒரு தடவை 13.6-ஐப் பார்த்தால் ஒன்றும் விளங்காது. நிரம்பி இறங்கிய 13.6-ஆ, அதற்குமேல் ஏறவே மாட்டாத 13.6-ஆ என்று தொடக்கத்தில் இருந்து பார்த்தவருக்குத்தான் தெரியும்.

சல்பேற் படிந்த பற்றறி முரண்டு பிடிக்கும். மெயின் போட்ட பத்து நிமிடத்துக்குள் வோல்ற் 14.4-க்குத் தாவும், அம்பியர் இரண்டு மூன்றுக்கு விழும், சார்ஜர் "நிரம்பிவிட்டது" என்று நம்பிப் பச்சை லைற்றைப் போடும். அடர்த்தியோ 1.130-இல் அசையாமல் கிடக்கும். வயதான பற்றறியும் விரைவில் 14.4-க்குப் போகும் என்று மேலே சொன்னேன். ஆகவே வோல்ற்றை மட்டும் பார்த்து முடிவெடுக்கக்கூடாது: அடர்த்தி உயர்ந்து நின்றால் வயது, தாழ்ந்து நின்றால் சல்பேற். கிளிநொச்சியில் இப்படி ஒன்று கண்டேன். வீட்டுக்காரர் வெளிநாட்டில். மெயினை நிறுத்திவிட்டு இன்வேட்டரை நிறுத்த மறந்து, வீட்டைப் பூட்டிக்கொண்டு போயிருந்தார். இன்வேட்டர் சும்மா நின்றே பற்றறியைக் குடித்து முடித்துவிட்டது. எட்டு மாதம் வெறும் பற்றறியாகக் கிடந்து, தகட்டில் சல்பேற் கல்லாக இறுகிப்போயிருந்தது.

சார்ஜர் பழுது இதற்கு நேர்மாறு. பற்றறி வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கும், கொடுக்க ஆள் இருக்காது. அக்கா வீட்டில் மெயின் போட்டுப் பத்து நிமிடத்தில் 12.5 வோல்ற், மூன்று மணித்தியாலம் கழித்தும் 12.7. கிளாம்ப் மீற்றரில் 2 அம்பியர். ஒரு நாள் முழுக்கப் போட்டாலும் 48 அம்பியர்-மணிதான். இரவில் போவது 60. கிணற்றில் ஊறுவதைவிட இறைப்பது கூட.

பழியைச் சார்ஜரில் போடமுதல் இரண்டு விடயம் பார்க்கவேண்டும். ஒன்று, வருகிற கரண்ட். லைனின் கடைசியில் இருக்கிற வீடுகளில் 230 வரவேண்டிய இடத்தில் மாலையில் 180-க்கு இறங்கினால் நல்ல சார்ஜரும் சோர்ந்துபோகும், சில இன்வேட்டர்கள் மெயினையே ஏற்காமல் பற்றறியில் ஓடத் தொடங்கும். அக்கா வீட்டில் 226, அது பிரச்சினையில்லை. இரண்டு, வயர். 10, 15 அம்பியர் ஓடும்போது இன்வேட்டர் முனையிலும் பற்றறி முனையிலும் அளந்து பாருங்கள், 0.3 வோல்ற்றுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கிளிப்பில் பூஞ்சணம் பிடித்திருக்கிறது. சுடுதண்ணீரும் பழைய பல்துலக்கியும் போதும். 2 அம்பியர் மட்டும் ஓடும்போது இந்தச் சோதனை ஒன்றும் காட்டாது என்பதால் அக்கா வீட்டில் கிளிப்பைக் கழற்றிச் சுத்தம் செய்தே பார்த்தேன். அதே 2 அம்பியர். பின்பக்கத்தில் பற்றறி வகையைத் தெரிவுசெய்கிற சுவிட்ச் உள்ள இன்வேட்டரில் அது டியூபுலரில் நிற்கிறதா என்றும் பாருங்கள். இங்கே சரியாகவே இருந்தது. இன்வேட்டருக்குள் இருக்கிற சார்ஜிங் போட்தான் மிச்சம்.

படி 5: வேறு சார்ஜரில் போட்டு உறுதிசெய்தல்

பற்றறியைக் கடைக்குக் கொண்டுவந்து 15 அம்பியரில் போட்டேன். பத்து நிமிடத்தில் 12.9. மெல்ல ஏறி நாலரை மணித்தியாலத்தில் 14.4. பிறகு அம்பியர் குறைந்துகொண்டு வர, இன்னும் ஐந்து மணித்தியாலம். ஆறவிட்டு அளந்தால் ஐந்து செல் 1.220, ஆறாவது 1.190. ஏற்றுக்கொள்கிற பற்றறி என்பது உறுதி. ஆனால் 1.240-க்குப் போகவில்லை. மாதக்கணக்கில் அரைவயிற்றோடு கிடந்ததால் சல்பேற் தொடங்கிவிட்டது. சார்ஜர் பழுது கொஞ்சக் காலத்தில் சல்பேற்றாக மாறும் என்பது இதுதான். முதலில் எது வந்தது என்று தேடாதவர் சல்பேற்றை மட்டும் கண்டு அதற்குமட்டும் வைத்தியம் பார்த்துவிட்டுப் போவார்.

சல்பேற் இறுகாமல் இருந்தால் மெதுவான நீண்ட சார்ஜில் கரையும். 150 அம்பியர்-மணிக்கு 4 அல்லது 5 அம்பியர், வோல்ற் 15.5 வரை போகவிடலாம். இதற்கு அம்பியரைக் கட்டுப்படுத்தக்கூடிய தனிச் சார்ஜர் வேண்டும், இன்வேட்டர் பற்றறியில் இருந்து கழற்றப்பட்டிருக்க வேண்டும். அந்த வோல்ற் அதைப் பதம்பார்த்துவிடும். மூடிகளைத் தளர்த்தி, காற்றோட்டமான இடத்தில், ஆள் பக்கத்தில் இருக்கும்போது செய்கிற வேலை இது. பற்றறியின் பக்கத்தில் கைவைக்க முடியாத அளவு சூடானால் நிறுத்தி ஆறவிடுங்கள். மணிக்கொருமுறை அடர்த்தியைப் பார்த்து, கொப்பளித்துக்கொண்டே மூன்று மணித்தியாலம் ஏறாமல் நின்றால் அவ்வளவுதான், இனி ஏறாது. அடர்த்தி குறைவு என்று அசிற்றை ஊற்றாதீர்கள். சல்பேற் தகட்டில் இருக்கிறது. மேலே அசிற் விட்டால் எண் உயரும், தகடு அரிக்கும்.

கிளிநொச்சிப் பற்றறியை இரண்டு நாள் இப்படி வைத்தும் 1.160-ஐத் தாண்டவில்லை. விட்டுவிட்டேன். அக்காவினது ஒன்பது மணித்தியாலத்தில் ஐந்து செல் 1.235-க்கு வந்தது, ஆறாவது 1.205-இல் நின்றது.

சார்ஜிங் போட்டைத் திருத்திப் பூட்டி, 12 அம்பியர் ஓடுவதையும் இரவு 14.4-க்குப் போய் 13.6-க்கு இறங்குவதையும் பார்த்த பிறகுதான் பற்றறியை வைத்தேன். அதே சுமையில் மெயினை நிறுத்திப் பார்த்தபோது ஆறு மணித்தியாலம் ஓடியது. ஏழு வராதது அந்த ஆறாவது செல்லால். மாதம் ஒருமுறை அதை அளந்து எழுதச் சொல்லி ஹைட்ரோமீற்றர் பிடிக்கவும் காட்டிவிட்டு வந்தேன்.

இரண்டு மாதம் கழித்து அக்கா பதற்றமாகப் போன் எடுத்தார். "தம்பி, மிதவை கீழ போயிட்டுது. முந்தி ஒருக்காலும் தண்ணி குறைஞ்சதில்ல, இப்ப குறையுது. திருப்பியும் பழுதாப் போச்சோ?"

"இல்லை அக்கா, இப்பதான் அது ஒழுங்காச் சார்ஜ் ஆகுது. பற்றறித் தண்ணி ஒரு போத்தல் வாங்கி விடுங்கோ."